அடுத்து வரும் ராஜினாமாவை என்ன செய்வது?

அந்த லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் சம்பள உயர்வு வாங்க ஒரே வழிதான் இருந்தது. வேலையை விட்டுப் போகிறேன் என்று எழுதிக் கொடுப்பது.

இப்படி ஒரு விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எம்.டி.யைக் கேட்டால், "என் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கு, யார் வேணும்னாலும் வந்து கேக்கலாம்" என்பார். கதவு திறந்துதான் இருக்கும். உள்ளே போய் "சார், சம்பளம்..." என்று இழுத்தவர்கள், கம்பெனி ஒரு டூல் பையும் ஒரு பழைய ஸ்கூட்டருமாக ஆரம்பித்த கதையை முழுவதும் கேட்டுவிட்டு, வெறுங்கையோடு, ஆனால் கொஞ்சம் கண்கலங்கி வெளியே வருவார்கள். ராஜினாமாவோடு போனவர்கள் கதை வேறு. அவர்களை எம்.டி. இரண்டு நாள் காயப்போடுவார். பிறகு கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார். "உனக்கு நான் என்ன குறை வச்சேன்?" என்று பெற்ற பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டுவார். நடுவில் இரண்டு டீ சொல்லுவார். டீ உள்ளே போய்விட்டால் சம்பளம் ஏறிவிட்டது என்று வெளியே இருப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். கடைசியில் ராஜினாமாக் கடிதத்தை அவரே கிழித்துக் கூடையில் போடுவார்.

இதற்குக் கம்பெனியில் 'காகிதம் போடுவது' என்று பெயர். சீனியர் டெக்னீஷியன் ஒருவர் இதுவரை நான்கு முறை போட்டிருந்தார். அதனால் அவருக்கு 'நாலு காகிதம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. புதிதாகக் காகிதம் போட நினைப்பவர்கள் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். "திங்கக்கிழமை போடாதே, மனுஷன் கணக்கு பாக்கிற நாள். காரணம்னு எழுதற இடத்துல 'சொந்தக் காரணம்'னு மட்டும் எழுது. வேற கம்பெனி பேரை எழுதினா, அவங்களுக்கே போன் போட்டுடுவார்" என்பார் அவர். ஆலோசனைக்குக் கட்டணம் ஒரு டீ.

இதையெல்லாம் அவள் எச்.ஆர். பிரிவில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே தெரிந்துகொண்டாள். பிரிவு என்றால் இரண்டே பேர்: மேனேஜர், அப்புறம் அவள். வேலையில் சுத்தம். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பாள். மூன்றாவது முறையும் பார்க்கலாமா என்று யோசிப்பாள். வாயைத் திறந்தால் முதல் வார்த்தை 'ஒருவேளை'தான். "ஒருவேளை மழை வருமோ" என்று கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு அவள் சொன்னதாக ஒரு கதை உண்டு. அதனால் ஆபீஸ் முழுக்க அவள் பெயர் ஒருவேளை. செக்யூரிட்டிகூட, "என்ன ஒருவேளை, இன்னைக்கு லேட்டா?" என்பார். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், ஒருவேளை இருந்திருக்கலாம்.

வாரத்தில் மூன்று நாள் மாலையில் மனிதவள மேலாண்மை டிப்ளமோ வகுப்புக்குப் போனாள். எல்லோரும் பகலில் எங்கேயோ வேலை பார்ப்பவர்கள். வகுப்பு எடுத்த மேடமும் அப்படித்தான், பகலில் ஒரு மருந்துக் கம்பெனியின் எச்.ஆர். தலைமை. அந்த வகுப்பில்தான் இந்தக் கதையின் வம்பு ஆரம்பித்தது.

மேடம் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த ஒரு கம்பெனியின் பிரச்சினையை நான்கு பக்கத்துக்கு எழுத வேண்டும். பெயர், தொழில், எண்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். கடைசியில் வகுப்பு விவாதிப்பதற்குக் கேள்விகள் வைக்க வேண்டும்.

"மதிப்பெண் கேள்விக்குத்தான்" என்றார் மேடம். "கதையை யாரும் எழுதிடலாம். கேள்விக்குள்ளயே பதிலை வச்சுத் தைக்கக் கூடாது. 'ஊழியர்கள் ஏன் நன்றி இல்லாமல் போகிறார்கள்'னு போன தடவை ஒருத்தர் கேட்டார். அது கேள்வி இல்ல, திட்டு."

நான்கு பக்கத்தை ஒருவேளை ஒரு வாரத்தில் எழுதிவிட்டாள். லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி, தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்களைப் பராமரிக்கும் கம்பெனியாக மாறியது. கேள்விகள்தான் வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு, ஒன்று எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள். பக்கத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, பரீட்சைக்குக் கேள்வித்தாளை நீயே எழுதிக்கிறியா? நல்ல படிப்பா இருக்கே!"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்போ நானும் உங்க அண்ணன்கிட்ட ஒரு காகிதம் போடட்டுமா? இந்த வீட்ல ஒன்பது வருஷமா ஒரே சம்பளம்."

"உங்களுக்கு ஏது அண்ணி சம்பளம்?"

"அதைத்தான்டி சொல்றேன்."

கடைசியில் நான்கு கேள்விகள் தேறின. ஆண்டில் வேலையை விட்டவர்களின் எண்ணிக்கையைச் சராசரி ஊழியர் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் விகிதம் இந்தக் கம்பெனியின் நிலைமையை முழுதாகச் சொல்கிறதா, கொடுத்துத் திரும்பப் பெற்ற ராஜினாமாக்கள் அந்த விகிதத்தில் எங்கே இருக்கின்றன என்பது முதல் கேள்வி. போகிறவர்கள் சம்பளத்துக்காகப் போகிறார்களா, வேறு எதற்காகவா, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது இரண்டாவது. போவதாகச் சொன்னவர்களுக்கு மட்டும் உயர்வு கொடுப்பது மற்றவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது என்பது மூன்றாவது. நான்காவதுதான் அவளுக்குப் பிடித்தது. ரொம்பச் சின்னது. 'அடுத்து வரும் ராஜினாமாவை என்ன செய்வது?'

வகுப்பில் அவள் எதிர்பார்க்காத அளவுக்குச் சூடு பிடித்தது. முதல் கேள்வியை அரை மணி நேரம் பிய்த்தார்கள். ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பாளர்களை மேய்க்கும் பெண் சொன்னாள்: "விகிதம் நூத்துக்குப் பதினாறுன்னு போட்டிருக்கீங்க. மோசமில்லையேன்னு தோணும். ஆனா கிழிச்ச காகிதத்தையும் சேர்த்தா கால்வாசிப் பேர் ஒரு காலை வெளியே வச்சிருக்காங்க. எங்க இடத்துலயும் இதே கூத்துதான்."

"அழுத பிள்ளைக்குப் பால்" என்றார் பேக்கரிக் கடைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மேனேஜர்.

"அழறதுக்கு வகுப்பு எடுக்கவே ஒரு ஆள் இருக்காரே இங்க! டீக்குப் பாடம் எடுக்கிற குரு!" என்றாள் ஆஸ்பத்திரிப் பெண். வகுப்பு சிரித்தது. தன்னுடைய நாலு காகிதம் முகம் தெரியாத ஊரில் புகழ் பெற்றதில் ஒருவேளைக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

நான்காவது கேள்விக்குப் பாங்கில் வேலை பார்க்கும் பையன் கையைத் தூக்கினான். "சிம்பிள். அடுத்த ராஜினாமாவை ஏத்துக்கணும். யாரா இருந்தாலும். போறேன்னவங்களைத் தடுக்க எதிர்ச்சலுகைன்னு சம்பளம் ஏத்தறது கிடையாது. ஒரு தடவை செஞ்சா போதும், அப்புறம் யாரும் விளையாட்டுக்குப் போட மாட்டாங்க."

வகுப்பில் பெரும்பாலானோர் தலையாட்டினார்கள். மேடமும் மறுக்கவில்லை. ஆனால் பலகையில் மூன்று வரி எழுதினார். முதலில் சம்பளத்தைச் சரிசெய்ய வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்குச் சந்தை விலையும் பழையவர்களுக்குப் பழைய விலையும் இருக்கிறவரை எதுவும் நிற்காது. இரண்டாவது, இனி எதிர்ச்சலுகை இல்லை, உயர்வு இந்த வழியில்தான் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மூன்றாவது, வரும் ராஜினாமாவை ஏற்றுக்கொள்வது.

"வரிசை முக்கியம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பலகையை அழித்தார்.

மறுநாள் காலை ஒருவேளை செய்த காரியம், முறைப்படி பார்த்தால் சரியான காரியம். தன் கம்பெனியை மாதிரியாக வைத்து எழுதியதை மறைக்கக் கூடாது என்று நினைத்து, நான்கு பக்கத்தையும் வகுப்பு சொன்ன மூன்று யோசனைகளையும் மேனேஜரிடம் கொடுத்தாள். திட்டுவார் என்று நினைத்தாள். மேனேஜர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுவதும் படித்தார்.

"பிரமாதம்மா! இதைத்தான் நான் மூணு வருஷமா சொல்லணும்னு நினைச்சிட்டு இருந்தேன்."

அன்று மதியமே எம்.டி. அறையில் கூட்டம். வேலை தெரிந்த ஆள் குறைகிறது, ஒருத்தன் போனால் புதியவனைத் தேடி எடுத்துப் பழக்க நான்கு மாதம் ஆகிறது, அதற்குள் வாடிக்கையாளர் கத்துகிறான் என்று எம்.டி.யும் நொந்துபோயிருந்தார். மேனேஜர் மூன்றாவது யோசனையைப் படித்துக் காட்டினார். அதை மட்டும்.

"இனிமே எந்தக் காகிதம் வந்தாலும் கையெழுத்துப் போட்டு ஏத்துக்கறோம் சார். பிளாக்மெயில் நின்னுடும்."

எம்.டி. நாற்காலியில் சாய்ந்தார். "நானே பழக்கிட்டேன் இல்ல? இளகின மனசு."

"ஒருவேளை..." என்று அவள் ஆரம்பித்தாள். "சம்பளத்தைச் சரி பண்றதும், எல்லார்கிட்டயும் சொல்றதும் முதல்ல வருது சார். வரிசைல."

"சம்பளம் அடுத்த பட்ஜெட்ல பாத்துக்கலாம்மா" என்றார் மேனேஜர். "சொல்றதா? சொன்னா, அமலுக்கு வர்றதுக்குள்ளன்னு இந்த வாரமே பத்துப் பேர் போடுவான். முதல் ஆள் போகட்டும். ஊருக்கே தானா புரியும். அதுவரைக்கும் இது இந்த ரூமை விட்டு வெளியே போகக் கூடாது, சரியா?"

சரி என்றாள். ராத்திரி படுத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தபோது, முதல் ஆள் நாலு காகிதமாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அவருக்கு ஐந்தாவது காகிதத்துக்கான பருவம் வந்துவிட்டது. அவரைப் போன்ற டெக்னீஷியனுக்கு, வாசலில் இறங்கி வலது பக்கம் போனால் ஒரு வேலை, இடது பக்கம் போனால் ஒரு வேலை. யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஒருவேளை இது சரியாகவே நடந்துவிடலாம்.

நாலு காகிதம் அந்தப் பருவத்தில் காகிதம் போடவில்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் ரிஸ்க் எடுக்கவில்லை.

போட்டது டெஸ்க் அக்கா.

டெஸ்க் அக்கா என்றால் சர்வீஸ் டெஸ்க்கைப் பார்த்துக்கொள்கிறவள். எங்கேயாவது லிஃப்ட் நின்றால் போன் அவளுக்குத்தான் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்களைப் பேச்சுக் கொடுத்துப் பதறாமல் வைத்துக்கொண்டே, எந்த டெக்னீஷியன் பக்கத்தில் இருக்கிறான் என்று பார்த்து அனுப்ப வேண்டும். பதினொரு வருஷமாக அதே நாற்காலி. இதுவரை ஒரு காகிதம்கூடப் போட்டதில்லை. ஒருவேளை சேர்ந்த முதல் வாரத்தில், எந்த பாத்ரூமில் தாழ்ப்பாள் சரியில்லை, எந்த நாளில் மேனேஜரிடம் லீவு கேட்கக் கூடாது என்பதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஒருவேளையை அந்தப் பெயரில் கூப்பிடாத ஒரே ஆளும் அவள்தான். "ஏய் பொண்ணே" என்பாள்.

அக்கா எச்.ஆர். அறைக்கு வந்து கடிதத்தை மேஜையில் வைத்தபோது முகத்தில் ஒரு நமட்டுச் சிரிப்பு இருந்தது. நாடகத்தில் முதல்முறையாக வேஷம் கட்டியவள் போல.

"புதன்கிழமைதானே? நல்ல நாள்னு நம்ம நாலு காகிதம் சொன்னார்."

ஒருவேளை கடிதத்தைப் பார்த்தாள். 'சொந்தக் காரணம்.'

"என்னக்கா இது, திடீர்னு?"

"திடீர்னா? பதினொரு வருஷம் கழிச்சு. அந்தப் புதுப் பையன் இருக்கானே, என் பக்கத்து சீட்டு? நான்தான அவனுக்கு ஹெட்போன் எந்தப் பக்கம் மாட்டணும்கிறதுல இருந்து சொல்லித்தந்தேன். நேத்து சாப்பிடும்போது, 'எனக்கே இவ்வளவுன்னா உங்களுக்கு எவ்வளவோ அதிகமா இருக்கும்லக்கா'ன்னான். பாவம், வெள்ளந்தி. அவன் சொன்ன எண்ணு என்னோடதைவிட அதிகம். வாயில வச்ச பிரெட் இறங்கல." அக்கா நாற்காலியின் முதுகைத் தட்டினாள். "பெரியவ காலேஜ் சேரப் போறா. அழுத பிள்ளைக்குத்தான் பால்னா, நானும் ஒரு தடவை அழுதுட்டுப் போறேன். டீ எப்ப வரும்?"

அப்போது மேனேஜர் உள்ளே வந்துவிட்டார். கடிதத்தை எடுத்துப் படித்தார். "அடடா" என்றார். "சரிம்மா, நான் சார்கிட்ட கொடுத்துடறேன்." அக்கா கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள்.

"சார், அக்கா நிஜமா போகலை" என்றாள் ஒருவேளை, கதவு சாத்தியதும்.

"யாருமே நிஜமா போறதில்லையேம்மா. அதுதானே உன் கேஸே?"

"அவங்க முதல் தடவை சார்."

"'யாரா இருந்தாலும்'னு நீதான் எழுதியிருந்தே." அவர் குரலில் குரூரம் இல்லை. கூட்டல் கழித்தலை விளக்குகிறவர் போலத்தான் சொன்னார். "ஆளுக்கு ஒரு சட்டம்னா சட்டமே இல்ல. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

அது உண்மைதான் என்பது அவர் கண்ணாடியைத் துடைத்த விதத்தில் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை எம்.டி. கையெழுத்துப் போட்ட ஏற்புக் கடிதம் உறையில் வந்தது. ஒரு மாத நோட்டீஸ், கடைசி நாள், நன்றி. எம்.டி. அக்காவைக் கூப்பிடவேயில்லை. கூப்பிட்டால் டீ சொல்லிவிடுவோம் என்ற பயமாக இருக்கலாம்.

முறைப்படி, முதலில் ஏற்புக் கடிதத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு, போகிறவரிடம் காரணம் கேட்கும் விலகல் நேர்காணல். கேள்விகள் ஒருவேளையே தயாரித்தவை. இரண்டையும் சேர்த்து அவளிடமே மேனேஜர் ஒப்படைத்தார். மதியத்துக்குள் முடித்துவிடச் சொன்னார்.

நேர்காணலுக்கு என்று இருந்தது ஃபைல் அலமாரிகளுக்கு நடுவே ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும். கதவில் பாதிக் கண்ணாடி. யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதை நடையில் போகிற எல்லோரும் பார்க்கலாம். அக்கா வந்து உட்கார்ந்தாள்.

"என்னடி, டீயை இங்கயா கொண்டு வரச் சொன்னார்?"

உறை, கேள்வித்தாளுக்கு அடியில் இருந்தது. ஒருவேளை பேனாவைத் திறந்தாள், மூடினாள். விதிகளை அவள் நேற்றே மூன்று முறை படித்திருந்தாள். ஏற்புக் கடிதம் ஊழியரின் கைக்குப் போகிறவரை ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். கைக்குப் போய்விட்டால், கம்பெனி சம்மதித்தால்தான் முடியும். கம்பெனி சம்மதிக்காது. இதை ஊழியரிடம் சொல்லக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. விஷயம் எம்.டி. அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று மேனேஜர் சொன்னதும், அவள் சரி என்றதும் மட்டும்தான் இருந்தது.

கேள்வித்தாளைப் பார்த்தாள். 'வேலையை விடுவதற்கான முதன்மைக் காரணம் என்ன?' 'எது மாறியிருந்தால் தொடர்ந்திருப்பீர்கள்?' எல்லாமே போகிறவர்களைக் கேட்கும் கேள்விகள். வகுப்புக்கு எழுதிய நான்கும் அப்படித்தான். போனவர்கள், போவதாகச் சொன்னவர்கள், போகப்போகிறவர்கள். பதினொரு வருஷம் எதுவும் சொல்லாமல் இருந்த ஒருத்தியை ஒரு கேள்வியும் தொடவில்லை. மூன்றாவது கேள்வியில் 'மற்றவர்கள்' என்று ஒரு சொல் இருந்தது. அவ்வளவுதான்.

"அக்கா, முதல்ல ஒண்ணு கேக்கறேன். இந்தத் தாள்ல இல்லாதது. உங்களுக்கு இந்த வேலையை விடணுமா?"

"பைத்தியமா உனக்கு?"

"அப்ப நான் சொல்றதைக் கேளுங்க. டீ வராது."

எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பு, நான்கு பக்கம், மூன்று யோசனை, அதில் மேலே போன ஒன்று. தாளுக்கு அடியில் இருக்கும் உறை. ஒருவேளை என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. வேண்டுமென்று தவிர்க்கவில்லை, நினைவுக்கு வரவில்லை.

கண்ணாடிக்கு வெளியே யாரோ போனார்கள்.

"நீயா எழுதின?"

"ஆமாக்கா."

"யாரா இருந்தாலும்னு."

"வகுப்புல ஒருத்தன் சொன்னது. நான் எழுதிக்கிட்டேன்."

"எழுதும்போது என் மூஞ்சி வரலையா?"

"வரலைக்கா." பொய் சொல்லியிருக்கலாம். "நாலு காகிதம் அண்ணன் மூஞ்சிதான் வந்துச்சு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சிரிப்பாகவே முடியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினொரு வருஷமா நான் கண்ல படாம இருந்திருக்கேன். இன்னைக்குப் பட்டேன், அதுவும் தப்பான நேரத்துல." கையை நீட்டினாள். "பேனாவைக் குடு. என்ன எழுதணும்?"

"ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன்னு. தேதி, நேரம், கையெழுத்து."

"சம்பளம்?"

"அதேதான்க்கா."

"அந்தப் பையனுக்குக் கீழே."

"ஆமா."

அக்கா எழுதினாள். அழகான கையெழுத்து. எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். "உன்னைத் திட்டறதா, கும்பிடறதான்னு எனக்குத் தெரியல. ரெண்டும் இப்ப வேண்டாம். போன் அடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திறக்காத உறையையும் ராஜினாமாவைத் திரும்பப் பெறும் கடிதத்தையும் மேனேஜர் மேஜையில் வைத்தபோது அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார் சொன்னா அவங்களுக்கு?"

"நான்தான் சார்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். "இனிமே உன்கிட்ட நான் எதைம்மா நம்பிச் சொல்றது?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

எம்.டி. கூப்பிட்டார். மேனேஜரும் கூட வந்தார். எம்.டி. கோபமாகத்தான் இருந்தார். ஆனால் அந்தக் கோபத்துக்கு நடுவே எங்கேயோ ஒரு நிம்மதி தெரிந்தது. அக்கா போகப்போவதை நினைத்து இரண்டு நாளாக அவருக்கும் சரியாக இல்லை போலிருந்தது.

"அந்தப் பொண்ணு என்கிட்ட நேரா வந்து கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?" என்றார். "பதினொரு வருஷம் இருக்கிறவ, என் வீட்டுப் பொண்ணு மாதிரி. கேக்கறதுக்கு என்ன?"

மேனேஜர் தலையாட்டினார். வழக்கமாக ஒருவேளையும் தலையாட்டியிருப்பாள். இன்று ஆட்டவில்லை.

"எப்படிக் கேக்கணும் சார்?" என்றாள்.

"எப்படின்னா? வந்து கேக்கணும்."

"அப்படி வந்து கேட்டு வாங்கினவங்க யாராவது இருக்காங்களா சார்? நான் இதைச் சண்டைக்குக் கேக்கலை. இருந்தா, அவங்க எப்படிக் கேட்டாங்கன்னு எல்லாருக்கும் சொல்லிடலாம். அதுவே வழியா இருக்கும்."

எம்.டி. வாயைத் திறந்தார். ஒரு பெயரைச் சொல்லப்போகிறவர் போல மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் யோசித்தார். ஜன்னலுக்கு வெளியே வேன் ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது, அதன் பீப் பீப் சத்தம் நிற்கிறவரை யாருக்கும் ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

"அந்த மூணு யோசனை எங்கே?" என்றார் எம்.டி. கடைசியில். "மூணையும் குடு. வரிசைப்படி."

அன்று நடந்தது அவ்வளவுதான். உடனே எந்தக் கதவும் திறந்து பூ கொட்டவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிறவர்களின் சம்பளத்தை, அதே வேலைக்குப் புதிதாக வந்தவர்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டு மூன்று மாதத்துக்குள் அறிக்கை தரச் சொன்னார். உயர்வுக்கு வருஷத்தில் ஒரு நேரம், ஒரு முறை என்று வகுக்கச் சொன்னார். இவற்றையும், எதிர்ச்சலுகை இனி இல்லை என்பதையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார், அமலுக்கு வரும் தேதியோடு. மேனேஜர் ஊகித்தபடியே அந்தத் தேதிக்குள் காகிதங்கள் வந்து குவிந்தன. அவர் அவற்றை எடுத்து வந்து அவள் முன்னால் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். வருகைப் பதிவில் விரல்ரேகை விழாதவர்களின் குறையைச் சரிசெய்யும் வேலை, யாரும் விரும்பாத வேலை, இனி நிரந்தரமாக அவளுடையது என்றும் ஆயிற்று. நாலு காகிதம் நோட்டீஸைப் படித்துவிட்டு, "என் பிழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே தாயே, இனிமே எனக்கு யார் டீ வாங்கித் தருவா?" என்று கேட்டார்.

ஒப்பீட்டுக்கு எண்கள் மட்டும் போதாது, இருக்கிறவர்களிடமும் பேச வேண்டும் என்று ஒருவேளை எழுதிக் கேட்டாள். அனுமதி வந்தது. போகிறவர்களுக்கு அல்லாமல் இருக்கிறவர்களுக்கான கேள்விகளை மறுபடி முதலிலிருந்து எழுத இரண்டு வாரம் பிடித்தது. முதல் ஆளாக யாரைக் கேட்பது என்பதில் மட்டும் அவளுக்குத் தயக்கம் இல்லை. வெட்கம் இருந்தது.

கண்ணாடிக் கதவு அறைக்குக் கூப்பிடவில்லை. சர்வீஸ் டெஸ்க்குக்கே போனாள். வெள்ளந்திப் பையன் சாப்பிடப் போயிருந்தான். அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த இரண்டு வாரத்தில் அக்கா அவளிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர எதுவும் பேசியிருக்கவில்லை. இப்போதும் ஹெட்போனைக் கழற்றவில்லை, ஒரு காதை மட்டும் விடுவித்தாள்.

"மூணு மாசம்னு போட்டிருக்கு" என்றாள் அக்கா, அவள் ஆரம்பிப்பதற்கு முன்பே. "மூணு மாசம் பாப்பேன். நீ ஒழுங்கா வேலை செய்வேன்னு தெரியும். அவங்க செய்வாங்களான்னு தெரியாது. அதுக்கப்புறம் நான் காகிதம் போட்டா, அது நிஜக் காகிதம். வேற இடத்துல பேசி வச்சிட்டுத்தான் போடுவேன். அன்னைக்கு உறையை எடுத்து நேரா என் கையில குடுத்துடு. எதையும் சொல்லாதே."

"சரிக்கா."

"எழுதிக்கோ. இதுவும் பதில்தானே?"

அவள் எழுதிக்கொண்டாள். ஒரு போன் வந்தது. ஏதோ ஒரு கட்டடத்தில், நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் இரண்டு பேர். அக்காவின் குரல் வேறாயிற்று. "பயப்படாதீங்க, காத்து வரும். எத்தனை பேர் இருக்கீங்க? கதவைத் தள்ளாதீங்க. உங்க பேர் என்ன?" என்று பேசிக்கொண்டே விரலால் திரையில் ஒரு டெக்னீஷியனைத் தேடினாள். அவனைப் பிடித்து அனுப்பினாள். அவன் போய்ச் சேரும்வரை உள்ளே இருந்தவர்களிடம் அவர்கள் வேலை, பிள்ளைகள், எந்த மாடிக்குப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒருவேளை பேனாவோடு காத்திருந்தாள். கதவு திறந்தது என்று டெக்னீஷியன் சொன்னதும் அக்கா மைக்கை அணைத்தாள். தண்ணீர் குடித்தாள்.

"ம், கேளு" என்றாள். "முதல் கேள்வி என்ன?"

"இத்தனை வருஷம் ஏன் போகாம இருந்தீங்க?"

அக்கா பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே யோசித்தாள். பதினொரு வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை என்பது தெரிந்தது. பிறகு பையனின் நாற்காலியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துவிட்டு, மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.